ஒரு லட்சம் பேருக்கு நன்றி எழுதுவது

பொகவந்தலாவை டவுனில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாண வீடியோ, அடையாள அட்டைப் படம், திருவிழா நோட்டீஸ் எல்லாம் அங்கேதான். அதோடு மைக்கில் பேசுகிறவர்களுக்கு எழுதிக் கொடுப்பதும் என் தொழில். எண்பதுகளின் கடைசியில் மாரியம்மன் கோயில் தேருக்கு அறிவிப்பு எழுதத் தொடங்கியவன், இப்போது தோட்டத்துப் பிள்ளைகளின் யூடியூப் சேனல்களுக்கு எழுதுகிறேன். அவர்கள் அதிகம் கேட்டு வருவது நன்றி வீடியோ. ஆயிரம் சப்ஸ்கிரைபர் ஆனதற்கு, பத்தாயிரம் ஆனதற்கு, லட்சம் ஆனதற்கு என்று வருகிறார்கள். மூன்று நிமிடம் ஓடும் சமாச்சாரம்தான். ஆனாலும் ஒரு கல்யாண வீடியோவுக்கு முழு வர்ணனை எழுதுவதைவிட இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் தாங்களே எழுதிக்கொண்டு வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "உங்கள் ஆதரவு இல்லாமல் நாங்கள் இல்லை. நீங்கள் எங்கள் குடும்பம். இன்னும் பெரிய இடத்துக்குக் கொண்டு போங்கள். மறக்காமல் பெல் பட்டனை அழுத்துங்கள்." சேனலின் பெயரை மாற்றினால் இது சமையலுக்கும் பொருந்தும், மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். கடைசி வரியில் மறுபடியும் ஒன்றைக் கேட்கிறார்கள். நன்றி சொல்ல வந்த வீட்டில் கடன் கேட்டுவிட்டு வருவது மாதிரி அது. நான் வெட்டத் தொடங்குவது அந்தக் கடைசி வரியிலிருந்துதான்.

இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி, திருவிழா மைக்கில் கற்றது. தோட்டத்துத் திருவிழாவில் நன்றியுரை என்பது லேசான காரியமில்லை. உபயகாரர் பெயரை எந்த வரிசையில் சொல்வது, தலைவருக்கு முன்னால் துரையைச் சொல்வதா, தப்படித்தவர்களைச் சொல்லாமல் விடலாமா என்பதில் சண்டையே வந்திருக்கிறது. சாமி தூக்கியவர்களையும் தப்படித்தவர்களையும் முதலில் சொல்லிவிட்டுப் பணம் கொடுத்தவர்களைப் பிறகு சொன்னால், பணம் கொடுத்தவரும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பதை ஒரு பெரியவர் எனக்குக் காட்டிக் கொடுத்தார். உடம்பால் உழைத்தவனுக்குப் பின்னால் நிற்பதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை.

மீதிப் பாதி வானொலியில் கற்றது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை லயத்துக் காம்பராக்களில் ஓயாமல் பாடிக்கொண்டிருந்த காலம் அது. தபால் அட்டையில் பாட்டுக் கேட்டு எழுதிப் போட்டுவிட்டு, தன் பெயர் வாசிக்கப்படும் நாளுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். பெயருக்குப் பின்னால் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் வந்தால் லயமே சத்தம் போடும். அறிவிப்பாளர் அந்த நேயரைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். உன் கடிதம் வந்து சேர்ந்தது, நான் படித்தேன் என்பது மட்டும்தான் சேதி. அதுவே போதுமாக இருந்தது.

யூடியூப்பில் லட்சம் பேர் பெயரை வாசிக்க முடியாது. பத்துப் பேரை வாசித்தால் மீதிப் பேருக்கு மனத்தாங்கல். அதனால் பெயருக்குப் பதிலாக அவர்கள் செய்ததைச் சொல்ல வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். "எங்களை ஆதரித்தீர்கள்" என்று சொன்னால் யாருக்கும் தன்னைச் சொன்னதாகப் படாது. "பழைய பாட்டு ஒன்றை வாட்ஸ்அப்பில் பாடி அனுப்பினீர்கள்" என்றால், அனுப்பிய பத்துப் பேரும் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்காருவார்கள். அனுப்பாதவர்களுக்கும் இந்தச் சேனலில் என்ன நடக்கிறது என்பது தெரியும்.

எண்களும் நான் பார்க்கப் பார்க்க மாறின. 2018-இல் யூடியூப் ஒரு விதி கொண்டுவந்தது. ஆயிரம் சப்ஸ்கிரைபரும், ஒரு வருடத்துக்குள் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் இருந்தால்தான் விளம்பரக் காசு என்றது அந்த விதி. அதிலிருந்து ஆயிரம் என்ற எண் தோட்டத்துப் பையன்களுக்கு ஒரு வெறியாகவே ஆனது. 2020-இல் கொரோனா வந்து, கொழும்புக் கடைகளில் வேலை பார்த்த பிள்ளைகள் லயத்துக்குத் திரும்பினார்கள். கையில் போன், செய்ய வேலையில்லை. ஏகப்பட்ட சேனல்கள் பிறந்தன. "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் சப்ஸ்கிரைப் மாற்றிக்கொண்டார்கள். இது யூடியூப் விதிப்படி செய்யக் கூடாத காரியம். அதைவிடப் பெரிய கெடுதல், அப்படிச் சேர்ந்தவர்கள் யாரும் வீடியோவைப் பார்க்க மாட்டார்கள். சப்ஸ்கிரைபர் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும், புது வீடியோவை நாற்பது பேர் பார்த்திருப்பார்கள். அந்தச் சேனல்களுக்கு நன்றி வீடியோ எழுதச் சொன்னால் நான் கேட்பேன்: "தம்பி, யாருக்கு நன்றி சொல்லப் போறே?"

அதனால் எழுதுவதற்கு முன்னால் சேனலின் யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து காட்டச் சொல்வேன். எந்த வீடியோ வழியாக எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது அங்கே தெரியும். எந்த நாட்டில் இருந்து பார்க்கிறார்கள் என்பதும், சப்ஸ்கிரைப் செய்தவர்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், செய்யாதவர்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதும் தெரியும். இந்த மூன்றும் தெரியாமல் எழுதும் நன்றி, விலாசம் இல்லாமல் போட்ட கடிதம்.

லட்சம் தொட்ட ஒரு சேனலின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மூன்று பையன்களும் ஒரு பெண் பிள்ளையும் நடத்துவது. மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தை, ஆடத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே முழுதாகப் படம் பிடித்து வைக்க வேண்டும் என்று தொடங்கியது. காமன் பொட்டலில் கம்பம் நடுவதில் தொடங்கி, ரதி மன்மதன் கல்யாணம், தவம் கலைப்பது என்று போய், கடைசி இரவில் காமனை எரிப்பது வரைக்கும் எடுக்க வேண்டும். இரவிரவாக நடக்கும் கூத்து. பனியில் கேமரா கண்ணாடி வேர்க்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். வேலை கஷ்டம், பார்வையாளர்கள் குறைவு.

யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து பார்த்தால் சேதி வேறு மாதிரி இருந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பங்கு ஒரே வீடியோவால் வந்தவர்கள். அந்தப் பையன்களில் ஒருவனுடைய அப்பாயி, லயத்து அடுப்பங்கரையில் விறகு அடுப்பில் கோதுமை ரொட்டி சுட்டு, அம்மியில் கட்டச் சம்பல் அரைத்தது. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக எடுத்தது அது. பார்த்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் நிறையப் பேர். அதிலும் நீலகிரிப் பக்கத்தில் இருந்து, கூடலூர், கோத்தகிரி என்று வந்த சேதிகள்தான் நீளமானவை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் பலவற்றுக்கு டேன்டீ தேயிலைத் தோட்டங்களில்தான் அங்கே வேலை கிடைத்தது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதியிருந்தார்கள். என் பாட்டி இதே மாதிரிதான் ரொட்டி தட்டுவார், அவர் பிறந்த டிவிஷனில் அந்தக் கோயில் இன்னும் இருக்கிறதா என்று. சிலர் தங்கள் தாத்தா கூத்தில் பாடிய ரதி புலம்பலைக் குரலில் பதிந்து அனுப்பியிருந்தார்கள்.

ரொட்டிக்காக வந்தவர்களிடம் கூத்துக்காக நடத்துகிறோம் என்று எப்படிச் சொல்வது? இந்த வகை எழுத்தில் உண்மையான சிக்கல் இங்கேதான். சேனல் எதற்காக இருக்கிறது என்பதை மறுபடி சொல்லும்போது, புதிதாக வந்தவனை "நீ தப்பான வாசலில் நுழைந்துவிட்டாய்" என்று சொன்ன மாதிரி ஆகிவிடக் கூடாது. நோக்கத்தை மறைத்துவிட்டு ரொட்டிச் சேனலாகவே மாறினாலும் பையன்களுக்கு வருடம் திரும்புவதற்குள் சலித்துப்போகும். நாங்கள் எழுதியது இது: "ரொட்டி பாத்து வந்தவங்களுக்கு ஒண்ணு சொல்றோம். அந்த ரொட்டிதான் கூத்து ஆடுறவங்க ராத்திரி சாப்பிட்டுட்டு வேஷம் கட்டுறது. ரெண்டும் ஒரே லயத்துலதான் நடக்குது. ரொட்டியும் வரும். மாசியில கூத்தும் வரும்." இது ஜோடித்த வார்த்தை இல்லை. கூத்து நாளில் அப்பாயி வீட்டில் நடப்பதைத்தான் சொன்னோம். நோக்கமும் கூட்டமும் வேறு வேறாக இருந்தால், இரண்டும் நிஜத்தில் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று தேட வேண்டும். தொடவே இல்லை என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

நோக்கத்தைச் சொல்லும் வரியில் "மலையக மக்களின் குரலாக", "நம் பண்பாட்டைக் காக்க" என்றெல்லாம் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் அடித்தேன். குரலாக இருக்கச் சொல்லி யாரும் அவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக இப்படி வைத்தோம்: "கம்பம் நடுறதுல இருந்து காமன் எரியிற வரைக்கும் முழுசா எடுக்கணும்னு தொடங்கினோம். இதுவரைக்கும் ரெண்டு தோட்டத்துலதான் எடுத்திருக்கோம். பொகவந்தலாவைப் பக்கமே இன்னும் எவ்வளவோ இருக்கு." செய்யாமல் கிடக்கும் வேலையைச் சொன்னாலே அடக்கம் தானாக வந்துவிடும். "நாங்கள் சாதாரணமானவர்கள்" என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அந்த "சாதாரணமானவர்கள்" என்ற வார்த்தையை நான் எப்போதும் அடிப்பேன். "நாங்க ஏழைத் தோட்டத்துப் பிள்ளைங்க, எங்களையும் இவ்வளவு தூரம் கொண்டு வந்தீங்க" என்று பேசினால் பார்க்கிறவனுக்குப் பரிதாபம் வரும், காசும் வரலாம். ஆனால் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து அதைக் கேட்பாள். அவளுடைய வாழ்க்கையைக் காட்டித்தான் அந்தப் பரிதாபம் வாங்கப்பட்டது. தாழ்த்திப் பேசுவது அடக்கம் ஆகாது. எங்கள் ஊரில் அது பல நேரம் இன்னொருவருடைய லயத்தை அடகு வைப்பதாக முடியும்.

பையன்களுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் இருந்து நடக்கும் வில்லேஜ் குக்கிங் சேனலை அவர்கள் விடாமல் பார்ப்பவர்கள். 2018-இல் தொடங்கிய அந்தச் சேனல் 2021 ஜூலையில் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டது. தமிழ்ச் சேனல்களில் அதுதான் முதல். அந்த நேரத்தில் அவர்கள் தமிழ்நாட்டு முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அதேபோல நாங்களும் லயத்துக் குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, மா கட்டிக் கொடுத்து அதை நன்றி வீடியோவில் காட்டலாம் என்றார்கள் பையன்கள்.

நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் சொன்னேன். அந்தச் சேனல்காரர்களின் வேலையே பெரிய அண்டாவில் சமைத்து இல்லாதவர்களுக்குச் சாப்பாடு போடுவது. அதனால் கொடுப்பது அவர்களுக்குப் பொருந்தியது, கொடுத்ததும் ஒரு நிதிக்கு. நீங்கள் கொடுக்கப் போவது அடுத்த காம்பராவுக்கு. வாங்குகிற மனுசி கையில் பையோடு கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருக்கும். நாளைக்குப் பைப்படியில் அவளை எல்லாரும் பார்ப்பார்கள். கொடுக்க வேண்டுமானால் கொடுங்கள், கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பையன்கள் அப்படியே செய்தார்கள், வீடியோவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்ற வரிசைக்கு வருகிறேன். அதை எனக்குக் காட்டியது ஒரு கல்லறை. எங்கள் ஊர்த் தேவாலயம் ஒன்றில், செயின்ட் மேரிஸ் கோயில் வளவில், ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உலகம் கொண்டாடும் புகைப்படக்காரர், 1879-இல் இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் இறந்தவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களில் பலவற்றுக்குக் கீழே பெயர் உண்டு. இலங்கையில் எடுத்த தொழிலாளிகளின் முகங்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் அந்தக் கல்லறையைப் பார்க்க வரும்போது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஆகையால் எங்கள் ஸ்கிரிப்டில் முதல் நன்றி, வீடியோக்களில் முகம் காட்டியவர்களுக்கு. பெயரோடும் டிவிஷனோடும் சொல்கிறோம். அவர்கள் பத்து, பதினைந்து பேர்தான், அதனால் வாசிக்க முடியும். அவர்களில் பலரிடம் நல்ல போன் கிடையாது, சப்ஸ்கிரைபர் கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள். அதற்குப் பிறகு பார்த்தவர்களுக்கு. நடத்துகிற நாலு பேரைப் பற்றி ஒன்றும் இல்லை, யார் கேமரா, யார் எடிட்டிங் என்று ஒரு வரி தவிர.

பெயர் சொல்லுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும் என்பதால் பேரன் எழுதியதை அப்பாயிக்கு வாசித்துக் காட்டினான். அவர் கேட்டுவிட்டு, "எனக்கு நன்றின்னா எங்கிட்ட சொல்லேன்டா. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எங்கிட்ட சொல்லாம இருக்கே" என்றார். அன்றைக்கே நாலு பேரும் வீடு வீடாகப் போனார்கள். கூத்தில் ரதியாக ஆடுகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டாம், வேலை பார்க்கும் இடத்தில் கேலி செய்வார்கள் என்றார். பெயரை எடுத்துவிட்டோம். அது முதல் என் எல்லா நன்றி எழுத்துக்கும் இது ஒரு கட்டாயப் படி: நேரில் சொல்லி முடித்தபிறகே கேமரா.

எழுத்தின் அளவைப் பற்றி. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு தமிழ்ச் சொல். மூன்று நிமிடத்துக்கு முந்நூறு. அதற்கு மேல் எழுதினால் பையன் வேகமாக வாசிப்பான், வாசிக்கிறான் என்பது கண்ணிலேயே தெரியும். ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்று உடைத்து எழுதுவேன். லட்சம் என்ற எண் முழு ஸ்கிரிப்டிலும் ஒரே ஒரு தடவை, தொடக்கத்தில். இரண்டாம் தடவை சொன்னால் நன்றி மறைந்து பெருமை நிற்கும். பேசப் போகிறவனை முதலில் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லி, நாக்குத் தடுக்கும் இடத்தில் எல்லாம் என் எழுத்துத் தமிழை அவன் பேச்சுக்கு மாற்றிவிடுவேன்.

வெளியிடுவதிலும் அவசரப்படக் கூடாது. எண் லட்சத்தைத் தொட்ட அன்றே போட்டால், மறுநாள் அது கீழே இறங்கியிருக்கலாம். மூடப்பட்ட கணக்குகளையும் போலிக் கணக்குகளையும் யூடியூப் அவ்வப்போது கழிக்கும். 2019 செப்டம்பருக்குப் பிறகு வெளியில் காட்டும் எண் சுருக்கி வருவதால், எல்லையில் ஒரு பத்துப் பேர் குறைந்தாலே பார்வையாளனுக்கு லட்சம் என்று தெரியாமல் போகும். எண் நன்றாக மேலே போய் நின்றபிறகு போடுவதுதான் புத்தி. வெள்ளிப் பட்டன் அதற்கும் பிறகுதான். லட்சத்தைத் தாண்டினால் சேனல் விதிமீறல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு குறியீடு தருவார்கள், அதை வைத்து விண்ணப்பிக்க வேண்டும். பொகவந்தலாவைக்கு வந்து சேர நாளாகும். பட்டனுக்காகக் காத்திருந்து இரண்டையும் ஒன்றாக்கினால், பெட்டியைப் பிரிப்பதே வீடியோவாகிவிடும். அதனால் பட்டனைத் தனியாக, ஒரு சின்னத் துணுக்காகப் போடச் சொன்னேன்.

படம் பிடித்தது தேயிலை மலையில் இல்லை. ட்ரோனைப் பறக்கவிட்டுப் பச்சை மலைக்கு நடுவில் நின்று பேச அவர்களுக்கு ஆசை. மலைக்குள் போக தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், கொழுந்தெடுக்கிற பெண்கள் வேலையில் இருக்கும்போது பின்னணியில் அவர்களை நிறுத்துவதும் சரியில்லை. காமன் பொட்டலிலேயே நின்று காலை ஒன்பதுக்கு எடுத்தார்கள், மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும். பின்னால் வெறும் தரையும் பழைய கம்பத்தின் குழியும். பார்க்கிறவர்களுக்கு என்ன இடம் என்று தெரிய ஒரு வரி எழுதிப் போட்டோம்.

நன்றி வீடியோ வேலை செய்ததா என்று நான் பார்ப்பது லைக்கை வைத்து இல்லை. கீழே வருவதெல்லாம் "வாழ்த்துகள்" மட்டும் என்றால் அது அறிவிப்பாகத்தான் போயிருக்கிறது. ஆட்கள் தகவல் கொடுத்தால், நம்மோடு வேலையில் சேர்ந்துகொண்டார்கள் என்று அர்த்தம். இந்த வீடியோவுக்கு வாழ்த்தும் வந்தது, அதோடு எங்கள் தோட்டத்திலும் இன்னும் ஆடுகிறார்கள், வந்து எடுங்கள் என்று மஸ்கெலியாப் பக்கத்தில் இருந்து ஒருவர் எழுதினார். கோத்தகிரியில் தாங்களும் கம்பம் நடுவதாக இன்னொருவர். ஒரு வாரத்துக்குள் வழக்கமான வீடியோ போட்டுவிட வேண்டும் என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன், நன்றிக்குப் பிறகு மாதக் கணக்கில் சத்தமில்லாமல் இருந்தால் சொன்ன நோக்கத்தை யாரும் நம்ப மாட்டார்கள். மஸ்கெலியாக்காரரைப் பார்த்துப் பேசிய வீடியோதான் அடுத்ததாகப் போனது. அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பிள்ளைகள் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாசிக்கு எத்தனை பேட்டரி தேவைப்படும் என்பதைப் பற்றித்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.